எரிந்தது 60 லட்சம், காப்பீடு 60 லட்சம், கிடைத்தது 38 லட்சம்

“ஏனுங்க ஆடிட்டர் சார், எரிஞ்சதும் அறுபது லட்சம், நாம இன்சூரன்ஸ் போட்டிருந்ததும் அறுபது லட்சம். இவங்க என்னங்க முப்பத்தெட்டுதான் வரும்ங்கறாங்க?”

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் என் கட்சிக்காரர் ஒருவர், 2022 ஜூன் மாதத்தில் என் அலுவலகத்தில் அமர்ந்து கேட்ட கேள்வி இது. சில நாள்களுக்கு முன்பு நள்ளிரவில் அவருடைய கிடங்கில் மின்கசிவால் தீப்பிடித்தது. கிடங்கின் ஒரு பகுதியிலிருந்த துணிக்கட்டுகள் மட்டும் தப்பின. காப்பீடு இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அவர் அடுத்த சில நாள்களைக் கடத்தினார். இழப்பை மதிப்பிட வந்த சர்வேயர் நேர்மையானவர். கணக்கிலும் பிழை இல்லை. ஆனாலும் 38 லட்சம்தான்.

இந்த 22 லட்சம் ரூபாய் எங்கே போயிற்று என்பதை விளக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் தேவைப்பட்டது. அதே கேள்வியோடு வேறு பலரும் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லோருடைய கதையிலும் ஒரே பிழை ஒரே இடத்தில் நிகழ்ந்திருந்தது. அதனால்தான் அந்தக் கணக்கை இங்கே விரித்து எழுதுகிறேன்.

தீ விபத்துக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் ‘ஆவரேஜ் கிளாஸ்’ என்றொரு நிபந்தனை உண்டு. வணிகவியல் பாடநூல்கள் இதைச் ‘சராசரி விதி’ என்கின்றன. அந்தப் பெயர் மாணவர்களையும் வியாபாரிகளையும் ஒருசேரக் குழப்புகிறது. கூட்டி வகுத்துக் காணும் சராசரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. கடல் வணிகத்தில் ‘ஆவரேஜ்’ என்பது சரக்குக்கு நேரும் சேதத்தையும் அதைப் பங்கிட்டுக்கொள்வதையும் குறித்த சொல். ‘விகிதப் பங்கு விதி’ என்று சொல்லியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

விதி சொல்வது இதுதான். தீப்பற்றிய நேரத்தில் கிடங்கில் இருந்த சரக்கின் மொத்த மதிப்பு காப்பீட்டுத் தொகையைவிட அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசத்துக்கு வியாபாரியே காப்பீட்டாளர் ஆகிவிடுகிறார். ஆகவே எவ்வளவு எரிந்தாலும், அந்த இழப்பில் அவருக்கும் ஒரு விகிதப் பங்கு உண்டு. எரிந்த சரக்கின் மதிப்பைக் காப்பீட்டுத் தொகையால் பெருக்கி, கிடங்கில் இருந்த மொத்தச் சரக்கின் மதிப்பால் வகுத்தால் கிடைப்பதே இழப்பீடு.

இந்தக் கணக்கில் மூன்று எண்கள் இருக்கின்றன. காப்பீட்டுத் தொகை பாலிசியில் அச்சிடப்பட்டிருக்கிறது. மற்ற இரண்டும், அதாவது கிடங்கில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு எரிந்தது என்பவை, சாம்பலாகிப் போனவை. அவற்றை ஏடுகளிலிருந்துதான் மீட்டெடுக்க வேண்டும்.

மீட்டெடுக்கும் முறை பழையது, எளியது. என் கட்சிக்காரரின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கின்படி ஏப்ரல் 1 அன்று இருந்த சரக்கு 80 லட்சம். அன்றிலிருந்து தீப்பிடித்த இரவு வரை வாங்கிச் சேர்த்தது 84 லட்சம். ஆக, 164 லட்சம் ரூபாய்ச் சரக்கு அவர் கையில் வந்தது. இதே காலத்தில் விற்றது 75 லட்சம். ஆனால் 75 லட்சத்தை அப்படியே கழிக்கக் கூடாது. விற்பனைத் தொகையில் அவருடைய லாபமும் கலந்திருக்கிறது. சரக்கோ அடக்க விலையில் கணக்கிடப்படுகிறது. முந்தைய ஆண்டுக் கணக்கின்படி அவருடைய மொத்த லாபம் விற்பனையில் 12 சதவீதம். அதாவது 75 லட்சத்தில் 9 லட்சம் லாபம், 66 லட்சம் அடக்கம். 164-இல் 66 போனால் 98 லட்சம்.

இதில் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. 4 லட்சம் ரூபாய்த் துணி சாயப்பட்டறையில் இருந்தது. ஏட்டில் அது அவருடைய சரக்குதான். ஆனால் அந்தக் கிடங்கில் இல்லை. பில் வந்தும் லாரி வந்துசேராத சரக்கு, விற்று பில் போட்டும் எடுத்துச்செல்லப்படாத சரக்கு, பிறர் நம்பி வைத்துவிட்டுப்போன சரக்கு என்று இப்படிப்பட்டவை ஒவ்வொரு கிடங்கிலும் இருக்கும். பெரும்பாலான தகராறுகள் இங்கேதான் பிறக்கின்றன. பட்டறையின் டெலிவரி சலான் எங்களிடம் இருந்ததால் 4 லட்சம் சச்சரவின்றிக் கழிந்தது. கிடங்கில் இருந்தது 94 லட்சம் என்று முடிவாயிற்று.

அடுத்து, தப்பியதை எண்ணினார்கள். தீயே தொடாத கட்டுகளும், தீயணைப்பு வண்டியின் தண்ணீரில் நனைந்தும் விலைபோகக்கூடிய கட்டுகளும் சேர்ந்து 34 லட்சம். எனவே இழப்பு 60 லட்சம். காப்பீடு 60 லட்சம், மொத்தச் சரக்கு 94 லட்சம். ஒவ்வொரு ரூபாய் சரக்குக்கும் 64 காசு அளவுக்குத்தான் காப்பீடு இருந்தது என்று பொருள். எரிந்த 60 லட்சத்துக்கும் அதே 64 காசு வீதம் கணக்கிட்டால் 38 லட்சத்து 30 ஆயிரம். அதிலும் பாலிசிதாரர் ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு போகத்தான் பணம் கைக்கு வந்தது.

இந்த விதியின் விசித்திரம் ஒன்றை அவரிடம் சொன்னபோது அவரால் நம்ப முடியவில்லை. கிடங்கு முழுவதும் எரிந்து 94 லட்சமும் சாம்பலாகியிருந்தால் அவருக்கு முழு 60 லட்சமும் கிடைத்திருக்கும். 94 லட்சம் இழப்பில் 64 காசு வீதம் 60 லட்சம்தானே. ‘போட்ட தொகைதானே உச்சவரம்பு, அதற்குள் எவ்வளவு எரிந்தாலும் தந்துவிடுவார்கள்’ என்பதுதான் பொதுவான எண்ணம். முழு இழப்பில் அந்த எண்ணம் பொய்யாவதில்லை. கிடங்கின் ஒரு மூலை மட்டும் எரியும்போதுதான் விதி கடிக்கிறது. 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு மட்டும் எரிந்திருந்தாலும், 60 லட்சத்துக்கு பாலிசி வைத்திருந்த அவருக்கு 6 லட்சத்து 38 ஆயிரம்தான் கிடைத்திருக்கும்.

இது அநியாயம் என்று முதலில் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தீ விபத்துகளில் பெரும்பாலானவை பாதியில் அணைக்கப்படுபவை. இந்த விதி இல்லாவிட்டால், ஒரு கோடி ரூபாய்ச் சரக்கு வைத்திருப்பவர் 50 லட்சத்துக்கு மட்டும் பிரீமியம் கட்டிவிட்டு, நிகழக்கூடிய பெரும்பாலான இழப்புகளுக்கு முழுத்தொகை வாங்கிக்கொள்ளலாம். உண்மையான மதிப்புக்குப் பிரீமியம் கட்டுபவர் அவருக்காகவும் சேர்த்துச் சுமக்க நேரிடும். விதி நியாயமானதே. அது யார் தலையில் விழுகிறது, ஏன் விழுகிறது என்பதுதான் கேள்வி.

அன்று அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “மொத்த இருப்பையே கொறைச்சுக் காட்டிட்டா இந்த விகிதம் அடிபடாதுங்களே?” இழப்பீட்டுக் கோரிக்கையில் பொய்க்கணக்கு காட்டினால் பாலிசியே செல்லாமல் போகும் என்பதை முதலில் சொன்னேன். பிறகு, அவருக்கு அதனால் லாபமும் இல்லை என்று தாளில் போட்டுக் காட்டினேன். தப்பிய 34 லட்சத்தைச் சர்வேயர் கண்ணெதிரே எண்ணி முடித்துவிட்டார். அதை மாற்ற முடியாது. மொத்த இருப்பு 94-க்குப் பதிலாக 80 என்று காட்டினால், விகிதம் 75 காசாக உயரும். ஆனால் இழப்பு 60-இலிருந்து 46 லட்சமாகச் சுருங்கும். 46 லட்சத்துக்கு 75 காசு வீதம் 34 லட்சத்து 50 ஆயிரம். உண்மையைச் சொன்னால் கிடைப்பதைவிட ஏறக்குறைய நான்கு லட்சம் குறைவு. அவர் தாளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இதே கணக்குதான் லாப விகிதம் பற்றிய வாக்குவாதத்தையும் தணித்தது. அந்த ஆண்டு லாபம் 12 சதவீதம் இல்லை, 8 சதவீதம்தான் என்பது அவருடைய வாதம். அது உண்மையாகவும் இருக்கலாம். நூல் விலை ஏறிய வேகத்தில் துணி விலையை ஏற்ற முடியாமல் பலர் திணறிய காலம் அது. ஆனால் லாபம் குறைவு என்றால் விற்ற சரக்கின் அடக்கம் அதிகம். அப்படியானால் கிடங்கில் எஞ்சியிருந்தது குறைவு. இருப்பு 91 லட்சமாகவும் இழப்பு 57 லட்சமாகவும் மாறி, இழப்பீடு 37 லட்சத்து 58 ஆயிரமாக இறங்கும். தமக்கு எதிராகவே வாதாடுகிறோம் என்பதைப் புரிந்துகொண்டு அவர் அந்த வாதத்தைக் கைவிட்டார்.

இனி, அந்த 60 லட்சம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வருகிறேன். அந்தத் தொகையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்குக் கடன் கொடுத்த வங்கிக்கிளை தேர்ந்தெடுத்தது. சரக்கை ஈடாகக் கொண்டு தரப்படும் ‘கேஷ் கிரெடிட்’ கடனில், சரக்கின் முழு மதிப்புக்கும் வங்கி பணம் தருவதில்லை. ஒரு பகுதியை ‘மார்ஜின்’ என்று கழித்துக்கொள்ளும். இவருக்கு அது 25 சதவீதம். 80 லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு 60 லட்சம் கடன் வரம்பு. ஈடாக உள்ள சரக்குக்குக் காப்பீடு வேண்டும் என்பது கடன் நிபந்தனை. கிளை அதை எப்படி நிறைவேற்றியது என்றால், கடன் 60 லட்சம், ஆகவே காப்பீடும் 60 லட்சம். பிரீமியத்தை அவருடைய கணக்கிலேயே பற்று வைத்தது. பாலிசியின் மூலப்பிரதி வங்கிக் கோப்பில் இருந்தது. அதை அவர் தீ விபத்துக்குப் பிறகுதான் முதன்முறையாகப் படித்தார்.

இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். 80 லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு 60 லட்சம் காப்பீடு என்பது, கையெழுத்தான முதல் நாளிலேயே 25 சதவீதம் பற்றாக்குறை. மார்ஜின் எவ்வளவோ, பற்றாக்குறையும் அவ்வளவு. கடன் தொகைக்குக் காப்பீடு எடுப்பது என்ற பழக்கத்திலேயே விகிதப் பங்கு விதி ஒளிந்திருக்கிறது. தன் கடனைப் பாதுகாத்துவிட்டதாக வங்கி நினைக்கிறது. அதுவும் தவறு. பாலிசியில் உள்ள வங்கி நிபந்தனையின்படி இழப்பீடு முதலில் கடன் கணக்குக்குத்தான் செல்லும். 60 லட்சம் கடனுக்கு 38 லட்சம் வந்தால் மீதி 22 லட்சத்துக்கு வங்கியும் வியாபாரியின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் நாளில் 75 காசாக இருந்தது பிறகு 64 காசாகக் குறைந்ததற்குக் காரணம் விலைவாசி. முந்தைய ஆண்டு மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பருத்தியின் விலை ரூ.50 ஆயிரத்தைச் சுற்றி இருந்தது. 2022 மே மாதத்தில் அது ரூ.1 லட்சத்தைத் தாண்டியது. நூல் விலை உயர்வைக் கண்டித்துத் திருப்பூரில் இரண்டு நாள் வேலைநிறுத்தமே நடந்தது. என் கட்சிக்காரர் கிடங்கில் கட்டுகளின் எண்ணிக்கை கூடவில்லை. கூடியது ஒவ்வொரு கட்டின் விலை. பழைய விலையில் வாங்கியது விற்றுத் தீர்ந்து புதிய விலைச் சரக்கு உள்ளே வந்துகொண்டிருந்தது. தராசில் எடை மாறாமலேயே அவருடைய காப்பீடு மாதாமாதம் சுருங்கியது. இதைக் கண்டு எச்சரிக்க வேண்டிய ஆவணம் வங்கியிடமே இருந்தது. கடன் வாங்கியவர்கள் மாதந்தோறும் தரும் சரக்கு இருப்பு அறிக்கையில் மதிப்பு ஏறுவதைக் கிளை பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அந்தக் காகிதமும் காப்பீட்டுக் கோப்பும் ஒரே மேசையில் சந்திக்கவே இல்லை.

(அந்த இருப்பு அறிக்கையில் இன்னொரு வம்பும் உண்டு. கடன் வரம்பு குறையாதிருக்கச் சிலர் இருப்பைக் கூட்டிக் காட்டுவார்கள். விபத்துக்குப் பின் சர்வேயர் முதலில் கேட்டு வாங்கும் காகிதங்களில் அதுவும் ஒன்று.)

சிறு நிறுவனங்களின் நிலையை ஒழுங்குமுறை ஆணையம் அறியாமல் இல்லை. ஓரிடத்தில் ரூ.5 கோடி வரையிலான சொத்துகளைக் கொண்ட நிறுவனங்களுக்காக 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசி நடைமுறைக்கு வந்தது. அதில் பற்றாக்குறை 15 சதவீதத்துக்குள் இருந்தால் விகிதக் கழிவு இல்லை. நல்ல சலுகைதான். ஆனால் 25 சதவீத மார்ஜினைக் கழித்துக்கொண்டு எடுக்கப்படும் பாலிசியை அது தொடக்கத்திலேயே காப்பாற்றாது. என் கட்சிக்காரருக்கு 85 லட்சத்துக்குக் காப்பீடு இருந்திருந்தால் சலுகை எல்லைக்குள் வந்து முழு 60 லட்சமும் கிடைத்திருக்கும். அதற்காக அவர் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்த பிரீமியம் சில ஆயிரங்களில் அடங்கியிருக்கும்.

அதே நாளில் அறிமுகமான வீட்டுக் காப்பீடான ‘பாரத் க்ருஹ ரக்ஷா’வில் பற்றாக்குறைக் கழிவு அறவே இல்லை. கடைக்காரருக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை என்று வணிகர் கூட்டங்களில் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது என் கருத்து. வீட்டின் பரப்பளவு ஆண்டு முழுதும் மாறாது. கட்டுமானச் செலவைக் கொண்டு தொகையை ஒரே தடவையில் சரியாக நிர்ணயிக்கலாம். சரக்கு அப்படியல்ல, தீபாவளிக்கு முன் மலையாகும், பொங்கலுக்குப் பின் வற்றும். கடைக்காரருக்கு விதியை நீக்கச் சொல்வதைவிட, தொகையைச் சரியாக வைத்திருக்க வழி கேட்பதே பயனுள்ளது.

வழி ஏற்கெனவே இருக்கிறது. பாலிசி காலத்தின் நடுவிலேயே மீதமுள்ள நாள்களுக்கு மட்டும் பிரீமியம் கட்டிக் காப்பீட்டுத் தொகையை உயர்த்திக்கொள்ளலாம்; ‘என்டார்ஸ்மென்ட்’ என்ற ஒரு தாளில் முடிகிற வேலை. பெரிய இருப்பு வைத்திருப்பவர்களுக்கு ‘டிக்ளரேஷன் பாலிசி’ உண்டு. ஆண்டின் உச்ச இருப்புக்குக் காப்பீடு எடுத்து, மாதந்தோறும் உண்மையான இருப்பை அறிவித்துவந்தால், ஆண்டு முடிவில் மிகையாகக் கட்டிய பிரீமியத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் விபத்துக்கு முன் கடைசியாக அறிவித்த தொகை குறைவாக இருந்தால் அங்கேயும் அதே விகிதக் கழிவு வந்துவிடும். சோம்பேறிகளுக்கான பாலிசி அல்ல அது.

தொகையை நிர்ணயிக்கும்போது பலர் மறப்பது ஜி.எஸ்.டி. அழிந்துபோன சரக்குக்கு, வாங்கியபோது எடுத்த உள்ளீட்டு வரி வரவைச் சட்டத்தின் 17(5)(எச்) பிரிவின்படி திருப்ப வேண்டும். 60 லட்சம் ரூபாய்த் துணிக்கு 5 சதவீதம் என்றாலும் 3 லட்சம். வரியைச் சேர்க்காமல் காப்பீட்டுத் தொகையை வைத்தவர், இந்த மூன்று லட்சத்தையும் தம் கையிலிருந்துதான் கட்ட நேரும்.

என் கோரிக்கை வங்கிகளை நோக்கியது. சரக்கு ஈட்டுக் கடனுக்கு வங்கி வழியாக எடுக்கப்படும் பாலிசி, கடன் வரம்புக்கு அல்ல, சரக்கின் முழு மதிப்புக்கு இருக்க வேண்டும் என்பதைக் கிளை அதிகாரியின் விருப்பத்துக்கு விடாமல் கட்டாயமாக்க வேண்டும். மாத இருப்பு அறிக்கையில் உள்ள மதிப்பு காப்பீட்டுத் தொகையைத் தாண்டினால், கடன்தாரருக்கு ஒரு குறுஞ்செய்தி போகட்டும். இரண்டு எண்களும் வங்கியின் கணினியிலேயே இருக்கின்றன. பாலிசியின் முதல் பக்கத்தில், ‘உங்கள் சரக்கின் மதிப்பு இவ்வளவு என்று இத்தொகை கொள்கிறது, அதைவிட மிகுதியானால் இழப்பில் நீங்களும் பங்கு ஏற்பீர்கள்’ என்று தமிழில் ஒரு வரி இருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எந்த நட்டமும் இல்லை.

என் கட்சிக்காரர் கடனை அடைக்கத் தம் ஊரிலிருந்த தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றார். கிடங்கைச் சீரமைத்து வியாபாரத்தைத் தொடர்கிறார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று இருப்பு மதிப்பை எனக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறார். தீக்குப் பிந்தைய முதல் புதுப்பித்தலுக்காக வங்கிக்கிளை அனுப்பிய படிவத்தில் காப்பீட்டுத் தொகை என்ற கட்டத்தில் மறுபடியும் 60 லட்சம் என்றே அச்சாகியிருந்தது. அவர் அதைப் பேனாவால் அடித்துவிட்டு, 1 கோடியே 10 லட்சம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.